கொட்டாவி ஒட்டிக்கொள்ளாத குழந்தைக்கு ஏதாவது குறையா?

கீழவாசல் · 4 நவம்பர் 2023, இரவு 10:52

என் மகனுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் யாரோ ஒரு வீடியோ போட்டார்கள். குழந்தை முன்னால் கொட்டாவி விட்டுப் பாருங்கள், குழந்தையும் விட்டால் நல்லது, விடாவிட்டால் அதற்கு அடுத்தவர் உணர்வு புரியவில்லை, ஆட்டிசமாக இருக்கலாம் என்று அதில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். நாத்தனார் அதை எனக்குத் தனியாகவும் அனுப்பி, "பார்த்தியா அண்ணி" என்று ஒரு வரி போட்டிருக்கிறாள்.

அதிலிருந்து அவன் முன்னால் வாயைப் பிளந்துகொண்டே இருக்கிறேன். அவன் என் வாய்க்குள் எட்டிப் பார்க்கிறான், கடைவாய்ப் பல்லில் இருக்கும் வெள்ளி அடைப்பைத் தொட்டுப் பார்த்து "இது என்ன" என்கிறான், சிரிக்கிறான். கொட்டாவி மட்டும் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மாவுக்கு இரண்டு முறை வந்துவிட்டது.

கூப்பிட்டால் திரும்புகிறான், வேண்டியதைக் கை காட்டிக் கேட்கிறான், பேச்சும் வயதுக்கேற்ப வந்துவிட்டது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. கொட்டாவி ஏன் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டுகிறது, இந்தச் சோதனைக்கு அறிவியலில் இடம் இருக்கிறதா? "கவலைப்படாதே" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள், விவரம் சொல்லுங்கள்.

பழையபாடம் · 4 நவம்பர், இரவு 11:20

பள்ளியில் படித்ததுதான். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து கார்பன் டை ஆக்சைடு கூடும்போது உடம்பு ஒரு பெரிய மூச்சை இழுக்கிறது, அதுதான் கொட்டாவி. ஒரே அறையில் இருக்கும் எல்லோரும் அதே காற்றைத்தானே மூச்சில் இழுக்கிறார்கள், அதனால்தான் ஒருவர் விட்டதும் அடுத்தவருக்கும் வருகிறது. குழந்தைக்குச் சின்ன நுரையீரல், குறைவான காற்றே போதும். இதில் பரிவும் இல்லை, ஆட்டிசமும் இல்லை.

மேட்டுத்தெரு · 5 நவம்பர், காலை 6:35

கல்லூரியில் உடலியங்கியல் நடத்துகிறேன், இந்தக் கேள்வி வருடா வருடம் வகுப்பில் வரும். முதலில் குழந்தை விஷயம், மற்றதெல்லாம் அப்புறம்.

மூன்று வயதில் கொட்டாவி ஒட்டாமல் இருப்பதுதான் வழக்கம். அமெரிக்காவில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் மோலி ஹெல்ட் குழுவினர் (2010) ஒன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு நேரில் கதை படித்துக் காட்டிக்கொண்டே நடுநடுவே கொட்டாவி விட்டுப் பார்த்தார்கள். நான்கு வயதுக்குக் கீழே ஒட்டியது அபூர்வம், நான்கிலிருந்துதான் தெளிவாகக் கூடியது. அதற்கு முன்பு 2003இல் ஸ்காட்லாந்தில் வீடியோ காட்டிச் செய்த ஆய்வில் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் யாருக்குமே ஒட்டவில்லை. பிறகு கைக்குழந்தைகளுக்குத் தங்கள் அம்மா கொட்டாவி விடுவதையே காட்டிப் பார்த்தார்கள், அதுவும் ஒட்டவில்லை.

தானாக வரும் கொட்டாவி வேறு, ஒட்டும் கொட்டாவி வேறு. முதலாவது கருவிலேயே இருக்கிறது, இருபத்து நான்கு வாரக் கரு கொட்டாவி விடுவது ஸ்கேனில் பதிவாகியிருக்கிறது. இரண்டாவது வருவதற்கு மூளை இன்னும் சில வருடம் வளர வேண்டும். உங்கள் நாத்தனார் அனுப்பிய வீடியோக்காரர் இந்த இரண்டையும் பிரிக்காமல் ஒரு தாயைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறார். எனக்கு அதில் உண்மையாகவே கோபம்.

ஆட்டிசம் பற்றி: அந்த வீடியோவுக்கு அடிப்படை 2007இல் ஜப்பானில் அட்சுஷி செஞ்சு குழு செய்த ஆய்வாக இருக்கும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குக் கொட்டாவி வீடியோ காட்டியபோது மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே ஒட்டியது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை என்று சொல்லலாம். ஆனால் செஞ்சு பங்கெடுத்த பிற்பாட்டு ஆய்வுகளில், திரையில் தெரியும் முகத்தை அந்தக் குழந்தைகள் உண்மையில் பார்க்கும்படி ஏற்பாடு செய்தபோது, இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முகத்தைப் பார்ப்பது குறைவு, அதனால் ஒட்டுவதும் குறைவு. இந்த இரண்டாம் பாதியை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

கை காட்டிக் கேட்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். குழந்தை மருத்துவர்கள் கவனிப்பது அதைத்தான். சந்தேகம் தீராவிட்டால் அவர்களிடம் காட்டுங்கள், கொட்டாவியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

மேட்டுத்தெரு · 5 நவம்பர், காலை 6:58

பழையபாடம் சொன்னதற்கு: இது சோதித்துப் பார்த்துக் கழித்த கருத்து. ராபர்ட் ப்ரோவைன் என்ற மேரிலாந்து பேராசிரியர் 1987இல் மாணவர்களுக்குச் சாதாரணக் காற்று, சுத்த ஆக்சிஜன், 3 முதல் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்று என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம்தான், அதாவது அவர் கொடுத்தது ஏறக்குறைய நூறு மடங்கு. மூச்சு வேகம் கூடியது, கொட்டாவி கூடவில்லை. சுத்த ஆக்சிஜன் கொடுத்தபோது குறையவும் இல்லை.

பழையபாடம் · 5 நவம்பர், காலை 9:10

அப்படியானால் அடைத்த அறையில் எல்லோருக்கும் ஏன் வருகிறது? நான் கண்ணால் பார்ப்பது. ஜன்னலைத் திறந்தால் நின்றுவிடுகிறது.

சலிப்பில்லை · 5 நவம்பர், மதியம் 1:15

அலுவலகக் கூட்டத்தில் கொட்டாவி வராமல் தடுப்பது எப்படி என்று கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் பல்லைக் கடித்து அடக்குவேன், அடக்க அடக்க இன்னும் வரும். மேலாளர் பார்வையில் படாமல் இருக்க ஏதாவது வழி உண்டா?

மேட்டுத்தெரு · 5 நவம்பர், மாலை 7:40

கேட்டது அது இல்லை, இருந்தாலும் நல்ல இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். 2017இல் இங்கிலாந்தில் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் 36 பேருக்குக் கொட்டாவி வீடியோ காட்டி, சில சுற்றில் "அடக்குங்கள்" என்றும் சில சுற்றில் "வந்தால் விடுங்கள்" என்றும் சொன்னார்கள். அடக்கச் சொன்னபோது விட வேண்டும் என்ற உந்துதல் ஏறியது. முழுக் கொட்டாவி குறைந்தது, பாதியில் அமுக்கிய கொட்டாவி கூடியது, இரண்டையும் கூட்டினால் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பு கொடுத்து மூளையில் உடல் அசைவுக்கான பகுதி எவ்வளவு எளிதில் தூண்டப்படுகிறது என்றும் அளந்தார்கள். யாருக்கு அது எளிதில் தூண்டப்பட்டதோ அவர்களுக்கே கொட்டாவியும் அதிகம் ஒட்டியது. ஒருவருக்கு ஒட்டுவதும் இன்னொருவருக்கு ஒட்டாததும் குணத்தால் அல்ல, பெரும்பாலும் அந்த மூளையின் அமைப்பால் என்று இதிலிருந்து தோன்றுகிறது.

வழி கேட்டதற்கு: வாயை மூடி மூக்கால் நிதானமாக மூச்சு விடுங்கள். ஆண்ட்ரூ கேலப்பின் 2007ஆம் ஆண்டு ஆய்வில் அப்படி மூச்சு விடச் சொன்னவர்களில் ஒருவருக்குக்கூட வீடியோவைப் பார்த்துக் கொட்டாவி ஒட்டவில்லை. நெற்றியில் குளிர்ந்த பொட்டலம் வைத்தவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான் ஒட்டியது, சூடான அல்லது அறைவெப்பப் பொட்டலம் வைத்தவர்களில் 41 சதவீதம்.

பழையபாடம், உங்கள் ஜன்னலுக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. கேலப் சொல்வது, கொட்டாவி மூளையின் சூட்டைத் தணிக்கிறது என்று. தாடை அகல விரியும்போது தலைக்குள் ரத்த ஓட்டம் கூடுகிறது, உள்ளே இழுக்கும் குளிர்ந்த காற்று சூட்டை வாங்கிக்கொள்கிறது. அடைத்த அறையில் ஆக்சிஜன் குறைவது கொஞ்சம்தான், புழுக்கம்தான் ஏறுகிறது. ஜன்னலைத் திறந்தால் அது இறங்குகிறது. நீங்கள் பார்த்தது சரி, காரணம் வேறாக இருக்கலாம்.

பழையபாடம் · 5 நவம்பர், இரவு 8:25

அப்படியானால் அக்னி நட்சத்திரத்தில் சென்னை முழுக்க வாயைப் பிளந்துகொண்டு திரிய வேண்டுமே? அப்படியொன்றும் பார்த்ததில்லை.

மேட்டுத்தெரு · 5 நவம்பர், இரவு 9:02

நேர் எதிராகத்தான் எதிர்பார்க்க வேண்டும். வெளிக்காற்று உடம்புச் சூட்டை நெருங்கிவிட்டால் அதை இழுத்து என்ன குளிரப் போகிறது? அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் நடந்துபோகிறவர்களை நிறுத்திக் கொட்டாவிப் படங்கள் காட்டிப் பார்த்தார்கள். சுமார் 37 டிகிரி கோடையில் 24 சதவீதம் பேருக்கு வந்தது, குளிர்காலத்தில் 45 சதவீதம். அங்கே குளிர்காலம் 22 டிகிரிதான். வியன்னாவில் அதையே செய்தபோது தலைகீழ். மிதமான கோடையில் அதிகம், உறையும் குளிரில் குறைவு. மிதமான வெப்பத்தில்தான் அதிகம் வருகிறது, இரு முனையிலும் குறைகிறது.

இதை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. நடந்துபோகிறவர்களின் மூளைச் சூட்டை யாரும் அளக்கவில்லை, படம் பார்த்தார்களா, வந்ததா என்று கேட்டுக் குறித்துக்கொண்டதுதான். குளிர்விப்பது ஒரு பலன் என்றே வைத்துக்கொண்டாலும், ஒருவர் மூளை சூடானால் பார்ப்பவர் ஏன் வாயைத் திறக்க வேண்டும் என்பதற்கு அது மட்டும் பதில் ஆகாது.

கீழவாசல் · 6 நவம்பர், இரவு 11:30

மேட்டுத்தெரு சார், நன்றி என்று சொன்னால் போதாது. நான்கு வயது என்ற ஒரு தகவல் அந்த வீடியோவில் இருந்திருந்தால் இத்தனை அலைக்கழிப்பு இல்லை. நாத்தனாருக்கு அனுப்பிவிட்டேன், நீலக்குறி வந்தது, பதில் இல்லை.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. நானும் தேடிப் படித்தேன். இத்தாலியில் இரண்டு பேர் (நோர்ஷியா, பலாஜி, 2011) ரயிலிலும் உணவகத்திலும் அலுவலகத்திலும் மக்களை அவர்களுக்குத் தெரியாமல் கவனித்து, ஒருவர் கொட்டாவி விட்ட பிறகு மூன்று நிமிடத்துக்குள் அருகில் இருப்பவர் விடுகிறாரா என்று குறித்திருக்கிறார்கள். ரத்த சொந்தத்துக்குள் அதிகம், அப்புறம் நண்பர்கள், அப்புறம் தெரிந்தவர்கள், அந்நியருக்குக் கடைசி. அந்நியருக்குத் தாமதமாகவும் வந்ததாம். 109 பேரைக் கவனித்திருக்கிறார்கள். அப்படியானால் பாசத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கத்தானே செய்கிறது? என் அனுபவமும் அதுதான். கணவர் விட்டால் அடுத்த நொடி எனக்கும் வரும், அலுவலகத்தில் எதிர் மேசைக்காரர் நாள் முழுக்க விட்டாலும் எனக்கு ஒன்றும் ஆவதில்லை.

கட்டுமரம்77 · 7 நவம்பர், காலை 7:50

அக்கா, எதிர் மேசைக்காரர் முகத்தை எத்தனை முறை பார்க்கிறீர்கள்? வீட்டில் கணவர் முகத்தை எத்தனை முறை? நான் புள்ளியியல் வேலை செய்கிறவன், எனக்கு அந்த மூன்று நிமிடம்தான் இடிக்கிறது.

ஒரு கணக்கு போடுகிறேன். இரவு பதினொரு மணி, கல்யாண வீட்டில் பத்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள், எல்லோருக்கும் தூக்கம். ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்க்காமலேயே மணிக்கு ஆறு கொட்டாவி விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் விட்டதும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிக்கிறோம். மீதி ஒன்பது பேர், மணிக்கு 54 கொட்டாவி, மூன்று நிமிடத்துக்குச் சராசரி 2.7. அந்த மூன்று நிமிடத்தில் ஒருவர்கூட விடாமல் இருக்க வாய்ப்பு 7 சதவீதத்துக்கும் குறைவு. அதாவது தொற்றே இல்லாத உலகத்தில்கூட நூற்றுக்கு 93 முறை "பார், ஒட்டிக்கிச்சு" என்று சொல்லுவோம். ஒட்டாமல் போன மீதி ஏழு நினைவிலேயே நிற்காது.

குடும்பம் என்பது ஒரே நேரத்தில் சாப்பிட்டு, ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் களைக்கிற கூட்டம். கொட்டாவி சேர்ந்து வருவதற்கு அதுவே போதும். கபிடானி, நீல்சன் என்று இருவர் 2017இல் ஏறக்குறைய இதே கேள்வியை எழுப்பி ஒரு கட்டுரை எழுதினார்கள். தொற்று என்பதே நம் கண்ணின் கற்பனையாக இருக்கலாம் என்கிற அளவுக்கு.

மேட்டுத்தெரு · 7 நவம்பர், மாலை 6:20

கணக்கு சரி, முடிவு அதிகம். ப்ரோவைன் 1986லேயே இதற்கு ஒப்பீடு வைத்துச் செய்தார். ஒரு கூட்டத்துக்கு ஐந்து நிமிடம் கொட்டாவி வீடியோ, இன்னொரு கூட்டத்துக்கு அதே அளவு புன்னகை வீடியோ. புன்னகையைப் பார்த்தவர்களில் 21 சதவீதம் பேர் கொட்டாவி விட்டார்கள், அது உங்கள் தற்செயல் கணக்கு. கொட்டாவியைப் பார்த்தவர்களில் 55 சதவீதம். இடையிலுள்ள வித்தியாசத்தைக் களைப்பு என்று தள்ள முடியாது, இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி மாணவர்கள். வீடியோவில் வாயை மறைத்துக் காட்டினாலும் ஒட்டியது, கொட்டாவியைப் பற்றிப் படித்தாலே வந்தது. இந்த இழையைப் படிப்பவர்களுக்கும் இதுவரை வந்திருக்கும்.

ஆனால் கடைத்தெருவிலும் ரயிலிலும் எண்ணிய ஆய்வுகளுக்கு உங்கள் கேள்வி பொருந்தும். ஒருவர் விட்டபோது மட்டும் எண்ணினால் போதாது, யாரும் விடாத மூன்று நிமிடங்களிலும் அதே ஆட்களை எண்ணி ஒப்பிட வேண்டும்.

பரிவு பற்றி: அமெரிக்காவில் ட்யூக் பல்கலைக்கழகத்தில் 2014இல் 328 பேரை மூன்று நிமிட வீடியோ பார்க்க வைத்தார்கள். 222 பேருக்கு வந்தது. ஒவ்வொருவரின் பரிவு, புத்திக்கூர்மை, களைப்பு, நாளில் எந்த நேரம் சுறுசுறுப்பு அதிகம் என்பது எல்லாவற்றையும் அளந்து பார்த்தார்கள். பரிவுக்கும் கொட்டாவிக்கும் உருப்படியான தொடர்பு கிடைக்கவில்லை. வயது ஒன்றுதான் தொடர்பு காட்டியது, வயது ஏற ஏற ஒட்டுவது குறைந்தது, அதுவும் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் 8 சதவீதத்தைத்தான் விளக்கியது. ஆனால் ஒரே ஆளை மறுபடி கூப்பிட்டுச் சோதித்தால் அதே மாதிரிதான் நடந்துகொண்டார். ஒட்டுகிறவருக்கு ஒட்டும், ஒட்டாதவருக்கு ஒட்டாது, அது நிலையான இயல்பு. எதனால் என்பதுதான் பிடிபடவில்லை.

ஈச்சங்காடு · 7 நவம்பர், இரவு 10:05

என் கேள்வி கொஞ்சம் வேறு. அப்பாவுக்கு பக்கவாதம் வந்து இடது கை சுத்தமாக விழுந்துவிட்டது. விரலைக்கூட அசைக்க முடியாது. ஆனால் கொட்டாவி விடும்போது மட்டும் அந்தக் கை தானாக மடியிலிருந்து எழுந்து மார்பு வரை வருகிறது, வாய் மூடியதும் தொப்பென்று விழுந்துவிடுகிறது. முதலில் பார்த்தபோது கை வந்துவிட்டது என்று அம்மா அழுதேவிட்டார். "இன்னொரு தரம் தூக்குங்கள்" என்று எத்தனை முறை கேட்டும் அப்பாவால் முடியவில்லை. இப்போது அவர் முன்னால் நாங்கள் வேண்டுமென்றே கொட்டாவி விடுகிறோம். இது பயிற்சியாக உதவுமா?

மேட்டுத்தெரு · 8 நவம்பர், காலை 6:15

இதை மருத்துவர்கள் நன்றாகப் பதிவு செய்திருக்கிறார்கள். பிரான்ஸைச் சேர்ந்த ஒலிவியே வாலுசின்ஸ்கி என்ற மருத்துவர் இதற்கென்றே ஒரு பெயரும் வைத்தார். நாம் நினைத்துக் கையைத் தூக்கும் கட்டளை மூளையின் மேற்பரப்பிலிருந்து இறங்கி வருகிறது, பக்கவாதம் அறுத்தது அந்தப் பாதையை. கொட்டாவி கிளம்புவது அடியில், மூளைத்தண்டு பக்கத்திலிருந்து. அந்தப் பழைய பாதை அறுபடவில்லை, மேலிருந்து அதைக் கட்டுப்படுத்துவதும் இல்லை, அதனால் அது கையையும் சேர்த்து இழுக்கிறது. அப்பா மனது வைக்கவில்லை என்று யாரும் நினைத்துவிடாதீர்கள், அவர் நினைப்புக்கும் அந்த அசைவுக்கும் தொடர்பே இல்லை. கை குணமாகும் அறிகுறியாகவும் இதை எடுத்துக்கொள்ள முடியாது. பயிற்சிக்குப் பிசியோதெரபிஸ்ட் சொல்வதைத் தொடருங்கள், இந்த அசைவையும் அவரிடம் காட்டுங்கள்.

கீழவாசல், உங்களுக்கும் இதில் ஒரு விஷயம் உண்டு. கொட்டாவியை நினைத்தபடி வரவழைக்க முடியாது, வாயைப் பிளக்கத்தான் முடியும். சராசரியாக ஆறு நொடி நீளும் உண்மைக் கொட்டாவியில் கண் சுருங்கும், தொண்டை விரியும், மூச்சு உள்ளே போய் ஒரு கணம் நிற்கும். நீங்கள் மகன் முன்னால் செய்ததில் எத்தனை உண்மை, எத்தனை நடிப்பு என்று உங்களுக்குத்தான் தெரியும்.

கீழவாசல் · 8 நவம்பர், இரவு 10:18

பெரும்பாலும் நடிப்புதான். ஆனால் நடித்து நடித்து எனக்கே உண்மையாக வந்துவிடும், அம்மாவுக்கு ஒட்டியது எல்லாம் அப்போதுதான்.

ஈச்சங்காடு, அப்பா சீக்கிரம் தேறட்டும். உங்கள் அம்மா அழுததைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சலிப்பில்லை · 9 நவம்பர், மதியம் 12:40

மூக்கால் மூச்சு விட்டுப் பார்த்தேன், வேலை செய்கிறது. எங்கள் வீட்டு நாய்க்கு இது பொருந்துமா? நான் விட்டால் அதுவும் விடுகிறது.

கட்டுமரம்77 · 9 நவம்பர், இரவு 9:30

நாய்க்கு ஒட்டுகிறது என்று 2008இல் லண்டனில் பார்த்தார்கள், 29 நாயில் 21 விட்டன. மனிதனிடமிருந்தே ஒட்டுகிறது என்பதுதான் அதில் விசேஷம். ஆனால் நாய் பதற்றத்திலும் கொட்டாவி விடும், அந்நியர் ஒருவர் முறைத்துப் பார்த்து வாயைப் பிளந்தால் பதறாதா? பிறகு வந்த ஆய்வுகள் கலவையானவை, வளர்ப்பவரிடமிருந்து அதிகம் ஒட்டுகிறது என்பதும் 2020இல் எல்லாத் தரவையும் சேர்த்துப் பார்த்தபோது நிற்கவில்லை.

எனக்குப் பிடித்தது சிங்கம். அதே பலாஜி குழு தென்னாப்பிரிக்காவில் சிங்கங்களைப் படம் பிடித்து 2021இல் வெளியிட்டது. ஒன்று விடுவதைப் பார்த்த சிங்கம் கொட்டாவி விட 139 மடங்கு வாய்ப்பு. அதைவிட முக்கியம், சேர்ந்து கொட்டாவி விட்ட இரண்டும் அடுத்து ஒன்றாக எழுவதோ படுப்பதோ 11 மடங்கு அதிகம். கூட்டமாக வேட்டையாடும் விலங்குக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் விழிப்பாவது உயிர் விஷயம். ஒட்டும் கொட்டாவிக்குப் பயன் இதுவாக இருந்தால் எனக்குச் சம்மதம், பாசக் கதையைவிட நம்ப எளிது.

மேட்டுத்தெரு · 10 நவம்பர், காலை 6:50

மனிதரிலும் அதற்கு ஆதரவாக ஒன்று உண்டு. கேலப் 2021இல், கொட்டாவி வீடியோ பார்த்தவர்கள் படங்களுக்கு நடுவே இருக்கும் பாம்பை வேகமாகக் கண்டுபிடித்ததைக் காட்டினார். தவளையைத் தேடுவதில் மாற்றம் இல்லை. பார்ப்பவர் கூர்மையாகிறார், அதுவும் ஆபத்துக்கு என்று இதை வாசிக்கலாம்.

ஆனால் கட்டுமரம், பாசக் கதையை இன்னும் மூடிவிடாதீர்கள். முகத்தைப் பார்ப்பதுதான் காரணம் என்றால் சத்தம் மட்டும் கேட்கும்போது சொந்தம், அந்நியம் என்ற வித்தியாசம் மறைய வேண்டும். அதே இத்தாலியக் குழு 2020இல் கொட்டாவியைப் பார்க்காமல் சத்தம் மட்டும் கேட்ட சந்தர்ப்பங்களைத் தனியாக எடுத்தது. அங்கும் குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் இடையில்தான் அதிகம் ஒட்டியது.

கட்டுமரம்77 · 10 நவம்பர், காலை 8:05

பழகிய குரலுக்குக் காதும் சீக்கிரம் திரும்பும், அதுவும் கவனம்தான். அந்நியர் விட்ட சத்தம் காதில் விழுந்ததா இல்லையா என்பதை எப்படி உறுதி செய்தார்கள்? ஒப்பீட்டு நிமிடங்களை எப்படி எடுத்தார்கள்? கட்டுரையைப் படித்துவிட்டு வருகிறேன். அதுவரை இதில் நான் மாறப் போவதில்லை.

பழையபாடம் · 10 நவம்பர், இரவு 9:45

ஆக்சிஜனை விட்டுவிடுகிறேன், புழுக்கம் என்பதை ஏற்கிறேன். பேத்திக்கு ஐந்து வயது, இன்று பேருந்தில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள், என் முகம் தெரியாது, சத்தமாக ஒன்று விட்டேன். திரும்பிப் பார்ப்பதற்குள் அவளும் விட்டாள். இது சத்தத்தாலா, களைப்பாலா, என் பேத்தி என்பதாலா, கட்டுமரம் தம்பிதான் சொல்ல வேண்டும்.